எண்ணெய் சாய்ந்த மாடம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் துளசி வைத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டுகிறவர்கள். நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் என் மாமியார் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு பீலிக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவார். அதனால் அவருக்கு லயம் முழுக்க ‘நாமக்காரம்மா’ என்று பெயர். என்னை மருமகளாகக் கூட்டி வந்தபோது அந்தப் பெயரைத் தராமல் அந்தச் செடியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் கொஞ்சம் கோபக்காரி. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் கை வேலையை விட்டதில்லை.

ஹட்டனில் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தத்துக்கு அப்புறமும் நடக்க வேண்டிய தோட்டம் எங்களுடையது. மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி நிரப்பி, அந்தக் காலத்தில் லயத்தைக் கட்டியிருக்கிறார்கள். காம்பரா அறைகள் வெட்டிய பக்கத்தில் இருக்கின்றன. வாசல் முழுக்க கொட்டிய மண். வாசலின் விளிம்புக்குக் கீழே பக்கத்து வீட்டு அண்ணனின் மாட்டுக் கொட்டகை, அதற்கும் கீழே தேயிலை, அதற்கும் கீழே பனி மூடிக் கிடக்கும் ஓடை. விளிம்புக்குச் சற்று உள்ளே, கிழக்கு பார்த்து எங்கள் துளசி மாடம் நின்றது. இடுப்பளவு சீமெந்துக் கட்டு. மேலே மண் நிரப்பிய சதுரத் தொட்டி, நடுவில் துளசி, முன்பக்கம் விளக்கு வைக்க ஒரு பொந்து.

காலையில் குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடலாம். துளசியை அவள் என்றுதான் சொல்வோம். முதலில் மாடத்தைச் சுற்றிச் சாணி தெளித்து மெழுக வேண்டும். பிறகு அரிசி மாவில் கோலம். ஒரு செம்புத் தண்ணீரை வேரில் மெதுவாக விட வேண்டும், இலையில் அல்ல. தண்டின் அடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு பூ வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி நமஸ்காரம் செய்ய வேண்டும். மாலையில் இருட்டும் முன் பொந்தில் அகல் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் நான் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவேன். பேர் பதியும் இடத்துக்குப் பிந்திப் போனால் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான், பெருமாள் இல்லை.

மலையில் துளசி வளர்ப்பது லேசான காரியமில்லை. அவள் வெயில்காரி. எங்கள் ஊரோ வெயிலுக்கே போர்வை கேட்கும் ஊர். நானுஓயாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் சிநேகிதி ஒவ்வொரு தை மாதமும் உறைபனியில் ஒரு செடியைக் கருக விட்டு, மறுபடி விதை போடுவாள். நாங்கள் மார்கழி பிறந்தால் இரவில் உரச்சாக்கைக் கூடாரம்போலக் குச்சி நட்டு மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடுவோம். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்று மணலும், நன்றாகக் காய்ந்து பொடியான சாணியும் கலந்தால்தான் தொட்டி மண் இறுகாது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்; விட்ட தண்ணீர் அந்த ஓட்டை வழியே வெளியே வர வேண்டும். மழைக் காலத்தில் செம்புத் தண்ணீர் என்பது சாஸ்திரத்துக்கு ஒரு உள்ளங்கை மட்டும். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். பக்தி மிஞ்சி வேர் அழுகிச் செத்த துளசிதான் அதிகம் என்பேன். மாமியாருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது.

பூங்கதிர் வந்தால் அது முற்றி விதை பிடிக்கும் முன் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி கிழவியாகிவிடும். இலை பறிக்க வேறு சட்டம். ஏகாதசி, துவாதசி, அமாவாசை, பௌர்ணமி, செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, இந்த நாட்களில் பறிக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு எந்த நாளும் கூடாது. மற்ற நாட்களில் கும்பிட்டு, நகம் படாமல், நுனியை இரண்டு இலையோடு விரல் சதையால் எடுக்க வேண்டும். உதிர்ந்த இலையை என்றைக்கும் பெருமாளுக்கு வைக்கலாம். தூரமான நாட்களில் நான் பக்கத்திலேயே போகக் கூடாது. அந்த நாட்களில் மாமியார் தண்ணீர் விட்டு விளக்கேற்றுவார். முட்டி பிடித்துக்கொண்டதால் அவரால் குனிந்து மெழுக முடியாது. அதனால் அந்த நாட்களில் மட்டும் மாடத்தைச் சுற்றிச் சாணி விழாது. இது நினைவில் இருக்கட்டும்.

அந்த வருடம் ஐப்பசியில் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மழைக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வடிகால் கான்களில் செந்தண்ணீர் ஓடியது. பின்சுவர் வியர்த்தது. உடுப்பு எதுவும் காயவில்லை. மாமியாரோ மழையைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் மனம் முழுக்கத் துளசி கல்யாணத்தில் இருந்தது.

காரணம் என் நாத்தனார். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். முப்பத்தைந்து தாண்டியும் எந்த வரனும் அமையவில்லை. வந்தவர்களுக்கு இவள் பிடிக்கவில்லை, இவளுக்குப் பிடித்தவனுக்கு வீடு பிடிக்கவில்லை. வளர்பிறைத் துவாதசியில் துளசிக்கும் பெருமாளுக்கும் முறையாகக் கல்யாணம் செய்து வைத்தால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடும் என்று மாமியார் நேர்ந்துகொண்டார். லயத்துச் சுமங்கலிகள் எல்லோரையும் வாசலில் உட்கார வைத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வளையல் கொடுத்து அனுப்ப வேண்டும். அத்தனை பெண்களும், அவர்கள் இடுப்புப் பிள்ளைகளும், மாடத்தைச் சுற்றி, அந்த வாசலில்.

நான் தூரம் கழித்துக் குளித்துவிட்டு வந்த காலையில்தான் அதைப் பார்த்தேன். மாடத்துக்கும் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்புக்கும் நடுவே, லயத்து நீளத்துக்கு, மண்ணில் ஒரு கோடு. தலைமுடி அளவுதான். ஒரு ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். முழுசாக உள்ளே போனது.

“மாமி, வாசல் வெடிச்சிருக்குங்க.”

“சாணி காஞ்சா வெடிக்கத்தான் செய்யும் புள்ள. நாலு நாளா மெழுகல்ல. நல்லா அழுத்தி மெழுகு.”

மெழுகினேன். கோடு மறைந்தது. மறுநாள் காலையும் மெழுகினேன். என் கைக்கு அது தினப்படி வேலை. கண்ணுக்கு அந்த வாசல் எப்போதும்போல வழவழவென்று இருந்தது. மண்சரிவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க முன்பொரு முறை வந்தவர்கள், நிலத்தில் வெடிப்பைப் பாருங்கள், கதவு இறுகுகிறதா பாருங்கள், மரம் சாய்கிறதா பாருங்கள் என்றுதான் சொன்னார்கள். தினமும் வெடிப்பை மூடி அதன் மேல் கோலம் போடும் வீடு ஒன்று இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது விளக்கு. அகலில் நிறைய எண்ணெய் விட்டுத் திரியைக் கிழக்கு முகமாக வைத்து ஏற்றுவேன். எண்ணெய் நடுவில் நிற்க வேண்டும். அது கிழக்கு விளிம்பில் போய்க் குவிந்து நின்றது. திரியைத் தாண்டிக் கசிந்து பொந்தெல்லாம் வழிந்தது. மேசனார் கட்டும்போதே கோணலாக வைத்துவிட்டார் என்றார் மாமியார். அப்படியானால் இத்தனை வருடம் எண்ணெய் எப்படி நேராக நின்றது? வாயைத் திறந்து கேட்டேன். மாமியார் ஒரு வெற்றிலையை மடித்து அகலின் கீழே கொடுத்தார். எண்ணெய் நேரானது. சில நாளில் வெற்றிலை போதவில்லை. ஓட்டுச் சில்லு வைத்தார்.

பிறகு தண்ணீர். தொட்டிக்கு விட்ட தண்ணீர் அடி ஓட்டை வழியே வரவில்லை. எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. தொட்டி குடித்துக்கொண்டே இருந்தது. துளசியோ தாகம் எடுத்தவள்போல வாடினாள். அதுவும் முழுச் செடி வாடவில்லை. வீட்டைப் பார்த்த பாதி மட்டும் தலை தொங்கிப்போனது. மழையில் நனைந்துகொண்டே ஒரு செடி வாடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டார். “கல்யாணத்துக்குக் கேக்குறா. நேர்ந்துட்டுச் செய்யாம இழுத்தடிக்கிறோமுல்ல. அதான் முகத்தத் தொங்கப் போடுறா.”

“அவ வேர் எங்கயோ இழுபடுதுங்க மாமி. வாசல்ல ஆள் சேக்க வேணாம். மேல பிள்ளை மடுவத்துல வச்சிக்கலாம்.”

பிள்ளை மடுவம் என்பது நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டடம். அது அடுத்த முகட்டில், பாறையின் மேல் இருக்கிறது.

“மாடத்துல இருக்கவள எங்க தூக்கிட்டுப் போறது? கல்யாணப் பொண்ணப் பேத்து எடுப்பாங்களா? அவ இடத்துலதான் நடக்கணும். வாய மூடு.”

மூடினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம் வந்துவிட்டது. வெறும் சந்தேகமில்லை, பயம். கூடையோடு மலையில் நிற்கும்போதுகூட நினைவு வாசலிலேயே இருந்தது. காலையில் போட்ட கோலத்தை மாலையில் வந்து பார்ப்பேன். ஒரு நாள் மழை சற்று விட்டிருந்தது, கோலம் அழியவில்லை. வெடிப்பு போன இடத்தில் கோட்டின் இந்த நுனியும் அந்த நுனியும் ஒட்டவில்லை. நான் நேராக இழுத்த கோடு, கட்டை விரல் அகலத்துக்கு விலகி நின்றது. என் கணவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஹட்டனில் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்குப் போய், மாட்டை வேறு இடத்தில் கட்டச் சொன்னார்.

“இந்த மழையில எங்க கொண்டு போயிக் கட்ட தம்பி? கன்னுக்குட்டி வேற வயித்துல” என்றார் மாட்டுக்கார அண்ணன்.

என் கணவர் தன் தாயிடம் பேசிப் பார்த்தாரா என்றால், பேசினார். “அம்மா, வேணாம்மா” என்று ஒரு தடவை சொன்னார். மாமியார் அழ ஆரம்பித்ததும் இவர் அடங்கிவிட்டார். தங்கை கல்யாணம் என்ற பேச்சு வந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கல்யாண வேலை நடந்தது. மாப்பிள்ளைக்கு நெல்லிக் கிளை வேண்டும். துளசிக்குப் பக்கத்தில் நெல்லிக் கிளையை நட்டால் அதுதான் பெருமாள். எங்கள் குளிரில் நெல்லி வளராது. பொல்பிட்டியப் பக்கம் இறங்கினால்தான் கிடைக்கும். என் கணவர் திரீவீலில் போய், காயும் இலையுமாக ஒரு கிளையைச் சிங்கள வீடொன்றில் கேட்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வரும் வழியில் இரண்டு இடத்தில் ரோட்டில் மண் விழுந்து கிடந்ததாம்.

தசமியன்றே மாலை தொடுக்கத் தேவையான துளசி நுனிகளைப் பறித்து ஈரத் துணியில் வைத்தேன். ஏகாதசியும் துவாதசியும் பறிக்க முடியாதே. பறித்ததும் பச்சையாக நின்ற பாதியிலிருந்துதான். ஏகாதசி மாலை நாத்தனார் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் பச்சை வளையல்களும் இரண்டு முழச் சிவப்புப் பட்டுத் துண்டும். “எனக்குப் பார்க்குறதுக்கு முந்தி அவளுக்குப் பார்த்துட்டீங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு மனம் கரைந்துபோனது.

அன்று மாலை காப்புக் கட்டினார்கள். எங்கள் வீட்டு வழக்கம் இது. மஞ்சள் தோய்த்த நூலில் மாவிலை கோத்து, ஒரு நுனியை இஸ்தோப்புத் தூணிலும் மறு நுனியை மாடத்திலும் கட்ட வேண்டும். கல்யாணம் முடிந்து அவிழ்க்கும்வரை வீட்டுக்காரர்கள் ஊர் தாண்டக் கூடாது. துளசியை அசைக்கக் கூடாது. மாமியார் தொய்வாகத்தான் கட்டினார். நடுவில் நூல் தொங்கி, மாவிலைகள் என் முழங்கால் உயரத்தில் ஆடின. நான் காலைத் தூக்கி அதைத் தாண்டிப் போனேன்.

துவாதசிக் காலை மழை தூறலாக இருந்தது. குளித்துவிட்டுச் சாணி வாளியோடு வந்தேன். தோரணம் முழங்கால் உயரத்தில் இல்லை. என் மார்புக்கு நேரே, விறைத்து நின்றது. விரலால் சுண்டினேன். விண்ணென்று அதிர்ந்தது. தூண் அசையவில்லை, கை வைத்து அசைத்துப் பார்த்தேன். முடிச்சுகளும் அப்படியே இருந்தன.

மழையில் நனைந்த நூல் சுருங்கும் என்றாள் நாத்தனார். நானும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அன்று நான் மெழுகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய சாணி பிளந்து, உள்ளங்கை நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்.

அதற்குள் கல்யாண வீடு கல்யாண வீடாகிவிட்டது. மாடத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் பட்டைபட்டையாக அடித்தார்கள். நான்கு மூலைக்கு நான்கு கரும்பு நட்டு, தோகைகளை உச்சியில் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு மூலையில் கரும்பு நிற்கவே இல்லை. எத்தனை தடவை ஊன்றினாலும் மண் இளகிச் சாய்ந்தது. அவலும் வெல்லமும் பிசைந்தாயிற்று. நெல்லிக்காய்களின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, நெய்த் திரி போட்டு விளக்குகளாகத் தட்டில் அடுக்கினோம். மாமியார் மஞ்சள் கிழங்கு கட்டிய தாலிச் சரட்டைப் பெருமாள் படத்தின் முன் வைத்தார். பெண்கள் மூன்று மணிக்கெல்லாம் பட்டுச் சேலையில் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள். யாரையும் வாசலில் இறங்கவிடாமல் இஸ்தோப்பிலேயே உட்கார வைத்தேன். “என்னா இவ, வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடாம மறிக்கிறா” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் நூல் அறுந்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. மாவிலைகள் இரண்டு பக்கமும் சிதறின. மாமியார் கையில் இருந்த அட்சதைத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்று காப்பு அறுவதைவிடக் கெட்ட சகுனம் அவருக்கு வேறில்லை.

“அறுந்துருச்சே… எம் புள்ளைக்கு என்னாகப் போகுதோ…”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. இத்தனை பேர் முன்னால் மாமியாரை எதிர்த்து அதுவரை நான் பேசியதில்லை.

“நூல யாரும் அறுக்கலங்க மாமி. தூண் இங்கதான் நிக்கிது. அவதான் போறா. அசைக்கக் கூடாது அசைக்கக் கூடாதுன்னீங்க, அவ தானா நடந்துட்டா. காப்பத் தாண்டுனது அவ. நம்ம இன்னும் எதுக்கு இங்கயே கட்டிப்போட்டு நிக்கிறோம்? போற பொண்ணத் தனியா அனுப்புவீங்களா, கூடப் போவீங்களா?”

மாமியார் அறுந்த நுனியைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். பிறகு தூணைக் கையால் தொட்டார். அது அசையவில்லை. கடைசியாக அவருடைய கண் பொந்துக்குப் போனது. ஓட்டுச் சில்லு கொடுத்து நேராக்கிய அகல், எண்ணெயெல்லாம் கிழக்கு விளிம்பில் கொட்டிக் காலியாகக் கிடந்தது.

“மண்ணோட எடுங்க. வேர் படாம எடுங்க” என்றார். “எல்லாரும் மடுவத்துக்குப் போங்க. புள்ளைங்கள முதல்ல கூட்டிட்டுப் போங்க.”

என் கணவர் அலவாங்குக் கம்பியால் தொட்டியின் ஒரு பக்கத்தை உடைத்தார். நான் கையால் மண்ணைச் சுற்றிலும் விலக்கி, அடியில் இரண்டு கையும் கொடுத்து, மண்ணுருண்டையோடு அவளைத் தூக்கி ஒரு வாளியில் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, பாதி ஏன் வாடியது என்று. தொட்டியின் அடித்தளம் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் இறங்கியிருந்த வேர்கள் எல்லாம் இழுபட்டு, நுனி வெள்ளையாக அறுந்து நின்றன. விட்ட தண்ணீர் போன வழியும் அதுதான். மாமியார் அந்த வேர்களைத் தொட்டார்.

ஊர்வலமாகப் போனோம். நான் துளசியோடு, நாத்தனார் நெல்லிக் கிளையோடு, மாமியார் பெருமாள் படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. கரும்பை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டார்கள். என் கணவர் லயத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டி, படுத்திருந்தவர்களையும் எழுப்பி அனுப்பினார். மாட்டுக்கார அண்ணன் மட்டும், தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்கு இறங்கப் பார்த்தார். அவரை இவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். “மாடுய்யா, வாயில்லாத ஜீவன்யா” என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மடுவத்தில், பிள்ளைகளின் தொட்டில் கயிறுகளுக்கு நடுவே கரும்புப் பந்தல் போட்டோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து முதலில் அவரைக் கும்பிட்டோம். வாளிக்குச் சிவப்புப் பட்டைச் சுற்றி, வளையல்களைக் கிளையில் மாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தோம். வாளி மண்ணிலேயே நெல்லிக் கிளையை ஊன்றி மஞ்சள் துண்டைச் சுற்றினோம். மாலையை அவளிடமிருந்து எடுத்து அவருக்கும், அவருடையதை எடுத்து அவளுக்கும் மாற்றினோம். பெருமாள் சார்பில் மாமியார் சரட்டைத் துளசித் தண்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். எல்லோரும் அட்சதை போட்டோம். நெல்லிக்காய் விளக்குகளை ஏற்றி ஆரத்தி சுற்றும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது. முதலில் தரை லேசாக அதிர்ந்தது. பிறகு, கொழுந்து லொறி மேட்டில் ஏற முடியாமல் முனகுவதுபோல ஒரு சத்தம் முகட்டுக்கு அந்தப் பக்கம் தொடங்கி, நிற்காமல் இறங்கிப் போனது. நடுவில் ஒரு மாடு கத்தியது. ஒரே தரம். அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

யாரும் வெளியே ஓடவில்லை. தட்டில் நெல்லி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மாட்டுக்கார அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மாமியார் என் கையிலிருந்த தட்டை வாங்கி, பாதியில் நின்ற ஆரத்தியை முடித்தார்.

விடிந்ததும் பார்த்தோம். வாசல் இல்லை. மாடம் இல்லை. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் செம்மண், அதன் கீழே வேரோடு கவிழ்ந்த தேயிலை. லயம் நின்றது. இஸ்தோப்பின் ஓரம்வரை வந்து, கத்தியால் வெட்டியதுபோல மண் போய்விட்டிருந்தது. தூணில் மஞ்சள் நூலின் மிச்சம் அப்படியே கட்டியிருந்தது.

கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கே நானும் மாமியாரும் வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு, அவளைக் கொஞ்ச நாள் நிழலில் வைத்து, மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்த்தினோம். வாடிய கொம்புகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட்டோம். வெட்டியதைக் குப்பையில் போடாமல் ஓடைத் தண்ணீரில் விட்டோம். தை பிறந்தபோது கணுவில் தளிர் வந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். நாங்கள்? வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாக லயத்துக்கே திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள்தான் இருப்பது? நாத்தனாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன மாதம் ஒரு வரன் வந்து, இஸ்தோப்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இப்போது துளசி இஸ்தோப்பில், வாளியிலேயே இருக்கிறாள். அவளை மறுபடி மண்ணில் நடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். பீங்கான் தொட்டி வாங்கி வருகிறேன் என்று என் கணவர் சொன்னதற்கும், பிடி உள்ளதுதான் வேண்டும் என்றார். அகலை வாளிக்கு முன்னால் தரையில் வைக்கிறோம். விளக்கேற்றும் வேலையை இப்போது அவரே செய்கிறார்; குனிய முடியாவிட்டாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து செய்கிறார். ஏற்றிய பிறகு உடனே எழுந்திருக்க மாட்டார். எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நடுவில் நின்றால்தான் எழுந்து உள்ளே வருவார்.

இந்த ஐப்பசியும் மழையோடுதான் பிறந்தது. நேற்று மாலை அகலில் எண்ணெய் விட்டவர், தீப்பெட்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் அகலைத் திருப்பி வைத்தார். எண்ணெய் மெதுவாக நகர்ந்து மறுபடி வாசல் இருந்த பக்கமே வந்து நின்றது. இன்னொரு தடவை திருப்பி வைத்தார். அப்போதும் அந்தப் பக்கமே வந்தது. நான் வெற்றிலை எடுத்து வரட்டுமா என்று நினைத்தேன்.

“புள்ள” என்றார், திரும்பிப் பார்க்காமல். “வாளியத் தூக்கு.”

அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தேன். போய்ப் பிடியைப் பற்றினேன்.